‘இதே மாதிரி வெட்டுங்கண்ணே!’

பக்கவாட்டிலிருந்து எடுத்த படம் ஒன்று. காதுக்கு மேலே தோல் தெரிகிற அளவுக்கு ஒட்ட வெட்டிய முடி, மேலே ஏற ஏறக் கருத்து, நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் அடர்ந்துவிடுகிறது. உச்சியில் முடி நீளம். ஒரு பக்கம் வகிடெடுத்து, முன்னால் சற்றுத் தூக்கி வாரியிருக்கிறார்கள். நுனிகள் கொத்துக் கொத்தாகப் பிரிந்து நிற்கின்றன. கன்னத்தில் குறுந்தாடி. இப்படி ஒரு படத்தைச் செல்போனில் நீட்டி, “இதே மாதிரி வெட்டுங்கண்ணே” என்று சொல்லும் இளைஞரை ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த சலூனிலும் பார்க்கலாம்.

அனுபவமுள்ள முடிதிருத்துநர் உடனே கத்திரியை எடுக்கமாட்டார். “சைடுல ஜீரோவா, ஒண்ணா தம்பி? ஃபேடு எதுவரைக்கும் ஏறணும்? வகிடு உங்களுக்கு எந்தப் பக்கம் விழும்?” என்று கேட்பார். இளைஞர் பதிலுக்கு மறுபடியும் படத்தையே காட்டுவார். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. படம் ஒரு கோணத்தை, ஒரு நிமிடத்தை மட்டும் காட்டுகிறது. அதிலுள்ள முடி எத்தனை மில்லிமீட்டர் என்று எங்கும் எழுதியிருக்காது. மேலே சொன்ன படத்தையே வைத்துக்கொண்டு, அதிலிருந்து நீளம், ஃபேடு, வகிடு, முடியின் பதம் ஆகிய நான்கையும் எப்படிப் படித்து எடுப்பது, எப்படி வாயால் சொல்வது என்று பார்க்கலாம்.

முதலில் நீளம். பக்கவாட்டு முடிக்கு சலூனில் எண்தான் மொழி. மெஷினின் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் சீப்புகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை எண் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற ஊரைச் சேர்ந்த லியோ வால், 1919-ல் கையடக்க மின்சார மெஷினுக்குக் காப்புரிமை கோரினார். அவர் பெயரில் வளர்ந்த நிறுவனமும் அதையொத்த மற்றவையும் பின்பற்றும் கணக்கு எளிது: சீப்பின் எண்ணை எட்டால் வகுத்தால் எவ்வளவு அங்குல முடி மிஞ்சும் என்று தெரிந்துவிடும். ஒன்றாம் நம்பர் 3 மி.மீ., இரண்டு 6 மி.மீ., மூன்று ஏறக்குறைய 10 மி.மீ., நான்கு ஏறக்குறைய 13 மி.மீ. எட்டாம் நம்பர் முழு அங்குலம், அதாவது 25 மி.மீ. சீப்பே மாட்டாமல் வெட்டினால் அது ஜீரோ. அதிலும் முடி முழுக்கப் போய்விடாது. தொட்டால் சொரசொரக்கும் அளவுக்கு மிஞ்சும். தோலே தெரிய வேண்டுமென்றால் கடைசியில் கத்தியோ ஷேவரோ தேவை.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. வீட்டில் தாடிக்கு வைத்திருக்கும் ட்ரிம்மரில் உள்ள எண் பல மாடல்களில் நேரடி மில்லிமீட்டர். வேறு சிலவற்றில் அது வெறும் படிவரிசை. வீட்டில் ‘மூன்று’ வைத்துப் பழகியவர் சலூனில் “மூணாம் நம்பர் போடுங்கண்ணே” என்றால், 3 மி.மீ. எதிர்பார்த்த இடத்தில் 10 மி.மீ. வந்து நிற்கும். திசை மாறினால் இன்னும் மோசம்: எதிர்பார்த்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முடிதான் மிஞ்சும். ஆகவே எண்ணோடு மில்லிமீட்டரையும் சேர்த்துச் சொல்வது நல்லது. அல்லது அந்தச் சீப்பை மாட்டும் முன் ஒருமுறை காட்டச் சொல்லலாம். முகம் சுளிக்கும் முடிதிருத்துநர் குறைவு. வெட்டிய பிறகு வரும் சச்சரவைவிட அவருக்கும் அது மேல்.

உச்சியில் உள்ள முடிக்கு எண் உதவாது. அது கத்திரி வேலை. “மேல கொஞ்சமா எடுங்க” என்ற சொல்லில் ‘கொஞ்சம்’ என்பது ஒருவருக்கு அரை அங்குலம், இன்னொருவருக்கு இரண்டு அங்குலம். நம்மிடம் ஏற்கெனவே ஓர் அளவுகோல் இருக்கிறது: விரற்கடை. வளர்ந்த ஆணின் ஒரு விரலகலம் ஏறக்குறைய 2 செ.மீ. முடிதிருத்துநரும் முடியை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பிடித்துத்தான் வெட்டுகிறார். “நாலு விரக்கடை மிச்சம் இருக்கட்டும்” என்றால் அவருக்கு உடனே கை நிற்க வேண்டிய இடம் தெரிகிறது. எவ்வளவு எடுப்பது என்பதைவிட எவ்வளவு மிஞ்சுவது என்று சொல்வதே பாதுகாப்பு. ஏனென்றால் போன மாதம் வெட்டியதற்கும் இந்த மாதம் வளர்ந்ததற்கும் கணக்கு அப்போது தேவையில்லை.

படத்திலுள்ள முடி எத்தனை விரற்கடை என்று எப்படித் தெரியும்? காதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். வளர்ந்த ஆணின் காது மேலிருந்து கீழாக ஏறக்குறைய 6 செ.மீ. முதல் ஆறரை செ.மீ. வரை இருக்கும். படத்தில் காதின் உயரத்தை ஒரு காகிதத் துண்டின் விளிம்பில் குறித்துக்கொண்டு, அதே துண்டை முன்முடியின் மேல் வைத்துப் பார்த்தால் போதும். மேலே சொன்ன படத்தில் முன்கொத்து ஒரு காதும் கால் காதும் சேர்ந்த உயரம் இருந்தால், அந்த முடி ஏறக்குறைய 8 செ.மீ., அதாவது நான்கு விரற்கடை. தூக்கி வாரிய முடி பின்பக்கம் வளைந்திருப்பதால் உண்மையான நீளம் இதைவிடக் கூடவே இருக்கும், குறைய இருக்காது. இன்னொரு வழி, முன்முடியை ஈரமில்லாமல் நெற்றியில் இறக்கி, அது எங்கே தொட வேண்டும் என்று சொல்வது: “புருவத்தைத் தொடணும்”, “மூக்குத்தண்டுவரை வரணும்.” தலைமுடி தொடங்கும் கோட்டிலிருந்து புருவம்வரை பலருக்கு 6 செ.மீ. அளவில் இருப்பதால் இதுவும் நம்பத்தக்க அளவுதான்.

ஈரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர் தெளித்துச் சீவிய முடி நீண்டு காட்டும். காய்ந்ததும் சுருங்கும். நேர்முடியில் இந்த வித்தியாசம் சிறிது. அலையலையான முடியில் கண்ணுக்குத் தெரியும். சுருட்டை முடியிலோ பாதி நீளம்கூட மறைந்துவிடலாம். சுருட்டை முடிக்காரர் நான்கு விரற்கடை வேண்டுமென்றால், அது காய்ந்த பிறகு நிற்கும் அளவா, இழுத்துப் பிடித்த அளவா என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

இனி ஃபேடு. கீழே மிகக் குறுகலாகத் தொடங்கி, எங்கே ஓர் அளவு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாதபடி மேலே நீளமாக்கிக்கொண்டே போவது இது. அமெரிக்க ராணுவத்தின் ஒட்டக் கத்தரித்த தலையிலிருந்து கிளைத்து, 1980-களில் அந்நாட்டுக் கறுப்பின முடிதிருத்துநர்களின் கடைகளில் கலையாகவே வளர்ந்தது. இதைக் குறிப்பிட மூன்று விவரம் வேண்டும்: எந்த அளவில் தொடங்குகிறது, எவ்வளவு உயரம் ஏறுகிறது, பின்னால் போகும்போது கோடு எப்படி வளைகிறது.

உயரத்தைத்தான் லோ, மிட், ஹை என்று பிரிக்கிறார்கள். காதின் மேல்விளிம்பிலிருந்து ஒரு விரற்கடைக்குள் முடிந்துவிட்டால் லோ. நெற்றிப்பொட்டின் உயரம்வரை ஏறினால் மிட். அதையும் தாண்டி, பக்கவாட்டுச் சுவர் முடிந்து மண்டை உச்சியை நோக்கி வளையத் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் போனால் ஹை. பின்பக்கம் வளைவையும் பார்க்க வேண்டும். காதுக்குப் பின்னால் கோடு பிடரியை நோக்கி இறங்கினால் அது டிராப் ஃபேடு. காதை மட்டும் அரைவட்டமாகச் சுற்றி நின்றால் பர்ஸ்ட் ஃபேடு. கிருதாவும் பிடரி ஓரமும் மட்டும் மெலிந்து, காதுக்கு மேலே முடி அப்படியே இருந்தால் அதை டேப்பர் என்பார்கள். அலுவலகத்துக்குப் போகிறவர்கள் ‘ஃபேடு’ என்று கேட்டுவிட்டு அதிர்ச்சியடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அவர்கள் மனதில் இருந்தது டேப்பர்.

எல்லாப் படத்திலும் ஃபேடு இருக்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம். 2013-ல் பி.பி.சி.யில் தொடங்கிய ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ தொடரில் கிலியன் மர்ஃபியின் தலையை உற்றுப் பார்த்தால், பக்கமும் பின்னும் ஒரேயடியாகக் குறுகல், உச்சியில் நீளம், நடுவில் இணைப்பே இல்லை. அது அண்டர்கட். அந்தப் படத்தைக் காட்டி ‘ஃபேடு’ என்று வாயால் சொன்னால், முடிதிருத்துநர் எதை நம்புவது? பக்கவாட்டில் நிறம் படிப்படியாக மாறுகிறதா, அல்லது ஒரே அடர்த்தியில் இருந்து சட்டென்று நீளமாகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நமது படத்தில் நிறம் படிப்படியாகத்தான் மாறுகிறது. அதை உருவாக்கும் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் கேட்பதும் எளிது. காதுக்கு மேலே ஏறக்குறைய ஒரு விரற்கடை உயரத்தில், சீப்பு மாட்டாத மெஷினால் தலையைச் சுற்றி ஒரு கோடு போடுவார். அதற்குக் கீழே எல்லாம் ஒட்ட வெட்டப்படும். மெஷினின் பக்கத்தில் ஒரு சிறு நெம்புகோல் உண்டு. அதைத் திறந்தால் முடி சற்றுக் கூடுதலாக மிஞ்சும், மூடினால் குறையும். அதைத் திறந்து வைத்து, கோட்டுக்கு மேலே இன்னொரு பட்டை. அதற்கு மேலே ஒன்றாம் நம்பர், அதற்கும் மேலே இரண்டாம் நம்பர். இப்போது தலையில் வரிவரியாகத் தெரியும். பார்க்கவே பயமாக இருக்கும். உண்மையான வேலை இனிதான்: இரண்டு பட்டைகளுக்கு நடுவே நிற்கும் வரியை, நெம்புகோலைப் பாதி திறந்தும் மூடியும், மெஷினை வெளிப்பக்கம் சுழற்றி எடுக்கும் அசைவால் அழிக்க வேண்டும். கடைசியில் இரண்டாம் நம்பருக்கும் உச்சி முடிக்கும் நடுவே சீப்பை வைத்துக் கத்திரியால் இணைப்பு.

இந்தப் பட்டைகளுக்கு இடம் வேண்டும். அதனால்தான் கோடு எங்கே போடப்படுகிறது என்பது எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. முதல் கோடு ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டால் மிட் கேட்டவருக்கு ஹை கிடைத்துவிடும். திரும்ப இறக்க வழியில்லை. தாழ்ந்துவிட்டாலோ, மறுபடி ஏற்றலாம். மெஷின் தலையில் படும் முன் தன் விரலாலேயே தலையைத் தொட்டு, “தோல் தெரியுறது இதுவரைக்கும், ஃபேடு முடியுறது இங்க” என்று இரண்டு இடத்தைக் காட்டிவிடுவது, பத்துப் படங்களைக் காட்டுவதைவிடப் பயன் தரும். சந்தேகம் வந்தால் ஒரு நம்பர் கூட்டியே தொடங்கச் சொல்லலாம்.

கோளாறு எங்கே வரும்? பின்மண்டையில் எலும்பு துருத்தும் இடத்துக்குக் கீழே ஒரு பள்ளம் உண்டு. மெஷின் அங்கே தலையை ஒட்டாமல் கடந்துவிடும், முடி திட்டாகக் கறுத்து நிற்கும். காதுக்குப் பின்னாலும் அப்படியே. எதிர்மாறாக, மேட்டில் அழுத்திவிட்டால் வெள்ளைத் திட்டு விழும். பழைய காயத்தழும்பு இருந்தால் அதுவும் ஒட்ட வெட்டும்போது வெளியே வரும். அதை முன்கூட்டியே சொல்வது நல்லது. கண்ணாடியில் பக்கவாட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகாமல், வெளிச்சம் இரு பக்கமும் சமமாக விழும்படி நின்று, பின்பக்கத்தையும் இரு காதோரத்தையும் செல்போனில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். கண்ணைச் சற்றுச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் வரியும் திட்டும் தனித்துத் தெரியும். நாற்காலியில் இருக்கும்போதே காட்டினால் ஐந்து நிமிடத்தில் சரியாகிற விஷயம் அது.

வகிட்டுக்கு வருவோம். படத்தில் வகிடு இடப்பக்கமா, வலப்பக்கமா? எளிய கேள்வி போலத் தெரியும். எதிரில் நிற்பவரின் படம் என்றால் அவருடைய இடம் நமக்கு வலமாகத் தெரியும். செல்ஃபி என்றால் சில போன்கள் கண்ணாடி பிம்பமாகவே சேமித்துவிடும். அப்போது எல்லாமே தலைகீழ். சட்டையைப் பார்த்தால் துப்பு கிடைக்கும். ஆண்களின் சட்டைப்பை பொதுவாக அணிந்தவரின் இடப்பக்கம். நேராக எடுத்த படத்தில் அது பார்ப்பவருக்கு வலப்புறம் இருக்க வேண்டும். இடப்புறம் இருந்தால் படம் பெரும்பாலும் புரண்டிருக்கிறது. டி-ஷர்ட்டில் எழுத்து இருந்தால் இன்னும் எளிது. முடிதிருத்துநர் பின்னால் நிற்பதால் அவருடைய இடமும் வாடிக்கையாளரின் இடமும் ஒன்றே. “என் இடது பக்கம்” என்று சொல்லி, வகிடு தொடங்கும் இடத்தில், எடுத்துக்காட்டாகப் புருவத்தின் வளைவுக்கு நேர் மேலே, விரல் வைத்துக் காட்டினால் குழப்பமில்லை.

ஆனால் படம் சொல்லும் பக்கத்தில் முடி விழ மறுக்கலாம். உச்சந்தலைச் சுழி எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதை ஒட்டித்தான் முடி படியும். இயல்பான வகிட்டைக் கண்டுபிடிக்க, ஈர முடியை முழுவதும் பின்னால் சீவி, உள்ளங்கையால் உச்சியிலிருந்து மெல்ல முன்னால் தள்ள வேண்டும். முடி தானாகப் பிளக்கும் இடமே வகிடு. படத்தில் இடம், தலையில் வலம் என்றால், மொத்த வெட்டையும் புரட்டி வலப்பக்கம் செய்துகொள்வதே அறிவு. இரட்டைச் சுழிக்காரர்களுக்கு உச்சியை மிகக் குட்டையாக வெட்டினால் அந்த இடம் குத்திட்டு நிற்கும். அங்கே மட்டும் ஒரு விரற்கடை கூடுதலாக விடச் சொல்லலாம். வகிட்டில் கத்தியால் கோடு கீறிய படமென்றால் அதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு வாரத்தில் அந்தக் கோட்டில் முடி முளைத்து மங்கிவிடும் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகப் பதம். இதைத்தான் படம் அதிகமாக மறைக்கிறது. நுனிகள் கொத்தாகப் பிரிந்து, பளபளப்பில்லாமல் நின்றால், கத்திரியைச் செங்குத்தாகப் பிடித்து நுனியில் குத்திக் குத்தி வெட்டியிருக்கிறார்கள், பிறகு மினுக்கமில்லாத வேக்ஸ் தடவியிருக்கிறார்கள் என்று பொருள். சீப்பின் பல் பதிந்த கோடுகள் தெரிந்து முடி மினுங்கினால், நுனி சமமாக வெட்டப்பட்டு ஜெல்லோ பொமேடோ போட்டது. நமது படம் முதல் வகை. “மேல டெக்ஸ்சர் வேணும், நுனியில பாயிண்ட் கட் பண்ணுங்க” என்றால் போதும். பல்லுள்ள கத்திரியால் வேரின் அருகே அதிகம் மெலிய வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். அப்படி வெட்டிய குட்டை முடிகள் சில வாரங்களில் வளர்ந்து மேலுள்ள முடியைத் தள்ளிக்கொண்டு, தலை முழுக்கச் சிலிர்த்தாற்போல ஆக்கிவிடும்.

படத்தில் இருப்பவர் ட்ரையரால் முடியைத் தூக்கிக் காயவைத்த அந்த நிமிடத்தில்தான் கேமரா முன் நின்றிருப்பார். சமூக வலைதளங்களில் முடிதிருத்துநர்கள் போடும் படங்களில் முன்வரிசைக் கோட்டை நிறப்பொடியாலோ ஸ்பிரேயாலோ கருமையாக்குவதும் சாதாரணம். நெற்றியில் கோடு அச்சுப்போல் கூர்மையாகத் தெரிந்தால் சந்தேகிக்கலாம். அது முதல் குளியலிலேயே போய்விடும். தன் முடி மெலிதா, அடர்த்தியா, நேரா, அலையா என்பதில் தனக்கு ஒத்தவர் படத்தைத் தேடி எடுப்பது, பிடித்த நடிகர் படத்தைக் காட்டுவதைவிடப் பயனுள்ளது. நேர்முடியுள்ள ஒருவரின் தலையை அலைமுடியில் நகலெடுக்க, தினமும் காலையில் சூடான காற்று வேண்டியிருக்கும்.

படத்தில் வராத இரண்டு இடங்களையும் விட்டுவிடக்கூடாது. ஒன்று பிடரி: அங்கே முடி நேர்கோடாக முடிய வேண்டுமா, வட்டமாகவா, கோடே தெரியாமல் மெலிந்து மறைய வேண்டுமா என்று சொல்லாவிட்டால் முடிதிருத்துநர் தன் வழக்கப்படி செய்துவிடுவார். இன்னொன்று தாடி. நமது படத்தில் ஃபேடு குறுந்தாடியில் போய்க் கலக்கிறது. மழித்த கன்னம் உள்ளவருக்கு அந்தக் கலப்பு கிடையாது. அதனால் கிருதா காதின் எந்த மட்டத்தில் முடிய வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

ஆக, அந்த இளைஞர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “அண்ணே, மிட் ஃபேடு. கீழ தோல் தெரியணும், காதுக்கு மேல ஒரு விரக்கடை. பின்னால இறங்க வேணாம், சுத்தி ஒரே மட்டம். மேல காய்ஞ்ச முடியில நாலு விரக்கடை இருக்கட்டும். வகிடு எனக்கு வலது பக்கம். நுனியில பாயிண்ட் கட். பிடரியில கோடு வேணாம், மறையட்டும். கிருதா காது நடுவுல நிக்கட்டும்.” அரை நிமிடப் பேச்சு. இதற்குப் பிறகு படத்தைக் காட்டினால், முடிதிருத்துநருக்கு அது சரிபார்க்க உதவும்.

சில சமயம் அவர் “இப்ப முடியாது தம்பி” என்பார். உச்சியில் இரண்டு விரற்கடைதான் இருக்கிறது, படத்துக்கு நான்கு வேண்டும் என்றால் அது நேர்மையான பதில். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. முதல் 1.25 செ.மீ. வரை வளரும். குறைந்த 4 செ.மீ.க்கு மூன்று மாதத்துக்கு மேல், சிலருக்கு நான்கு மாதம் ஆகும். அதுவரை பக்கவாட்டை மட்டும் சரிசெய்துகொண்டு உச்சியைத் தொடாமல் விடலாம்.

அதே கணக்கு ஃபேடுக்கும் பொருந்தும். நாளுக்கு ஏறக்குறைய 0.35 மி.மீ. வளர்வதால், தோல் தெரிய வெட்டிய இடம் ஒன்பது நாள் வாக்கில் ஒன்றாம் நம்பர் நீளத்தை எட்டிவிடும். மூன்று வாரத்தில் அங்கே 7 மி.மீ. முடி நிற்கும், படிப்படியான நிறமாற்றம் மங்கிவிடும். வெட்டு புதிதாக இருக்கும்போதே முன், பின், இரு பக்கம் என்று நான்கு படங்களும், போட்ட நம்பர்களும் செல்போனில் இருந்தால், அடுத்த முறை வேறு ஊரில் வேறு கடைக்குப் போனாலும் காட்டுவதற்குத் தன் தலையின் படமே கையில் இருக்கும். முடியின் பதம், சுழி, பின்மண்டைப் பள்ளம் எல்லாம் அதில் அப்படியே இருப்பதால் முடிதிருத்துநர் எதையும் ஊகிக்க வேண்டியிருக்காது.